இலாபம் கூடியது, பங்கு விழுந்தது: ஏன்?

கடந்த வாரம் இடைவேளை நேரத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் நடந்த ஒரு பேச்சிலிருந்து இந்தப் பதிவு தொடங்குகிறது.

வர்த்தகப் பிரிவுக்குக் கணக்கீடு படிப்பிக்கும் எங்கள் சக ஆசிரியர் ஒருவர் தேநீரையும் குடிக்காமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டோம்.

"ஸேர், இந்தக் கம்பனிட காலாண்டு அறிக்கை நேத்து வந்திச்சி. போன வருஷத்த விட இலாபம் நல்லாக் கூடியிருக்கு. எல்லாரும் நினைச்சதை விடவும் கூட. ஆனா இண்டைக்கிப் பங்கு விழுந்து கிடக்கு. யாரோ பெரிய ஆக்கள் விளையாடுறாங்க போல."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். இலாபம் கூடி விலை குறைந்திருப்பதால் இது மலிவாகக் கிடைக்கும் நேரம், இடர் கடன் எடுத்து இன்னும் வாங்கலாம் என்று யோசிக்கிறார். விண்ணப்பப் படிவம் பாதி நிரப்பியபடி மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

இடர் கடன் என்றால் என்னவென்று அரச உத்தியோகத்தர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டு வருஷக்கணக்கில் கட்ட வேண்டிய காசு. அதனால் அன்று பேச்சை அப்படியே விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. பாடசாலை விட்ட பின் சிலர் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கடைசி வரை பார்த்தோம். நம் ஊரில் இப்போது தொலைபேசியிலேயே கணக்குத் திறந்து பங்கு வாங்கும் இளைஞர்கள் பலர் இருப்பதால், அன்று விளங்கியதை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

உதாரணத்துக்கு நமக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு கம்பனியை எடுத்தோம். பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டா.

2024 ஏப்ரல் 24ஆம் திகதி. நியூயோர்க்கில் அன்றைய வியாபாரம் முடியும்போது மெட்டாவின் ஒரு பங்கு 493.50 டொலர். அங்கு மாலை 4 மணி கடந்ததும், அதாவது நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குப் பிறகு, அந்த ஆண்டின் முதல் காலாண்டுக் கணக்கு வெளியானது.

கணக்கு மிக நன்றாக இருந்தது. விற்பனை வருமானம் 36.46 பில்லியன் டொலர். முந்தைய வருஷம் அதே மூன்று மாதத்தைவிட 27 சதவீதம் கூட. இலாபம் 5.71 பில்லியனிலிருந்து 12.37 பில்லியனாக இரட்டிப்பையும் தாண்டியது. ஒரு பங்குக்கு விழுந்த இலாபம் 4.71 டொலர். வோல் ஸ்ட்ரீட் ஆய்வாளர்கள் சராசரியாக எதிர்பார்த்திருந்தது 4.32 டொலர்தான். வருமானத்திலும் எதிர்பார்ப்பைத் தாண்டியிருந்தார்கள்.

மறுநாள் வியாபாரம் முடியும்போது பங்கு 441.38 டொலர். ஒரே நாளில் 52 டொலர், பத்தரைச் சதவீதம், கரைந்துவிட்டது. எல்லாப் பங்குகளையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 130 பில்லியன் டொலர் பெறுமதி. நமது நாடு ஒரு வருஷம் முழுக்க உற்பத்தி செய்வதைவிடப் பெரிய தொகை அது.

நல்ல கணக்குக் காட்டியும் ஏன் இப்படி நடந்தது? யாரும் "விளையாடினார்களா"?

முதலில் பங்கின் விலை என்றால் என்னவென்று பார்ப்போம். நம்மில் பலர் அதைப் பரீட்சைப் புள்ளி போல நினைக்கிறோம். நன்றாகச் செய்தால் கூடும், செய்யாவிட்டால் குறையும் என்று. ஆனால் பங்கு வாங்குபவர் கடந்த மூன்று மாத இலாபத்தை வாங்குவதில்லை. இனி வரும் பத்து, இருபது வருஷ இலாபத்தில் தனக்கு விழும் பங்கை இன்றைக்கே காசு கொடுத்து வாங்குகிறார்.

தென்னந்தோட்டக் குத்தகையை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு ஒருவர் குத்தகைக்கு எடுக்கிறார். ஒரு பறிப்புக்கு ஆயிரம் தேங்காய் விழும் என்று கணித்து, அதற்கேற்ற காசைக் கொடுத்துவிட்டார். இந்தப் பறிப்பில் ஆயிரத்து நூறு விழுந்தது. சந்தோஷம்தான். ஆனால் அதே நாளில் ஓலையின் அடியில் வெள்ளை ஈ பிடிக்கத் தொடங்கியிருப்பதையும், அடுத்த வருஷம் உரத்துக்கு இரட்டிப்புச் செலவாகும் என்பதையும் பார்க்கிறார். இப்போது அந்தக் குத்தகையை இன்னொருவருக்குக் கைமாற்றப் போனால் வாங்குபவர் கூடக் கொடுப்பாரா? குறைத்துத்தான் கேட்பார். நூறு தேங்காய் கூட விழுந்தது பொய்யில்லை. ஆனால் அது ஒரு பறிப்பு. பார்த்த நோய் வரப்போகும் எல்லாப் பறிப்புக்கும்.

மெட்டாவிலும் இதுதான் நடந்தது. "எதிர்பார்ப்பைவிடக் கூட" வந்தது எவ்வளவு? 4.71இலிருந்து 4.32ஐக் கழித்தால் 39 சதம். 493 டொலர் கொடுத்து வாங்கும் பொருளில் 39 சதம்! செய்தித் தலைப்பில் பெரிதாகத் தெரிவது, விலையோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கை ஒரு சிறு அளவு அசைந்தாலும் இந்த 39 சதம் காணாமல் போய்விடும்.

இதைக் கணக்கீட்டு ஆசிரியரே பலகையில் போட்டுக் காட்டினார். அவர் போட்ட கணக்கு இதுதான்.

கணக்கு வெளியாகும் முன், 4.32 வரும் என்று நம்பிக் கடந்த பன்னிரண்டு மாத இலாபத்தைக் கூட்டினால் ஒரு பங்குக்கு 16.99 டொலர். அதற்குச் சந்தை 493.50 கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது ஒரு வருஷ இலாபத்தின் 29 மடங்கு. உண்மையில் 4.71 வந்ததால் பன்னிரண்டு மாத இலாபம் 17.38 டொலராகிவிட்டது. அதே 29 மடங்கு நின்றிருந்தால் விலை சுமார் 504 டொலருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 441.38 ஆனது. 17.38ஆல் பிரித்துப் பாருங்கள். 25 மடங்கை விடக் கொஞ்சம் கூட.

இலாபம் கூடியது. மடங்கு 29இலிருந்து 25 ஆகக் குறைந்தது. விலை என்பது இரண்டையும் பெருக்கி வருவது. இலாபத்தைக் கம்பனி அறிக்கையில் எழுதுகிறது. மடங்கை யாரும் எழுதுவதில்லை. இந்த இலாபம் இனி எவ்வளவு வேகமாக வளரும், அதற்கு எவ்வளவு செலவாகும், எவ்வளவு நிச்சயம் என்று வாங்குபவர்கள் நம்புவதுதான் மடங்கு.

அப்படியானால் அன்றிரவு அந்த நம்பிக்கையை அசைத்தது எது? அதே அறிக்கையில், இலாபக் கணக்கு முடிந்த பிறகு "CFO Outlook Commentary" என்று ஒரு சிறு பகுதி இருந்தது. தலைமை நிதி அதிகாரி இனி என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்லும் பகுதி. அதில் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, அடுத்த காலாண்டு விற்பனை. 36.5 முதல் 39 பில்லியன் வரை வரும் என்றார்கள். நடுவைப் பிடித்தால் 37.75. ஆய்வாளர்கள் சராசரியாக 38.3 அளவு எதிர்பார்த்திருந்தார்கள். வித்தியாசம் சின்னது போலத் தெரியும். ஆனால் வளர்ச்சியாக மாற்றிப் பாருங்கள். முந்தைய வருஷம் அந்தக் காலாண்டில் 32 பில்லியன். ஆகவே 37.75 என்றால் 18 சதவீத வளர்ச்சி. முடிந்த காலாண்டில் 27 சதவீதம் ஓடிய வண்டி அடுத்ததில் 18க்கு இறங்கலாம் என்று கம்பனியே சொல்கிறது. வேகம் குறையும் என்று சந்தைக்கும் தெரியும், ஆனால் 20 அளவிலாவது நிற்கும் என்று நினைத்திருந்தது.

இரண்டாவது, செலவு. இதுதான் பெரியது. கட்டடம், கணினி, தரவு நிலையம் போன்ற மூலதனச் செலவு அந்த வருஷம் 30 முதல் 37 பில்லியன் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். இப்போது 35 முதல் 40 பில்லியன் என்று மாற்றினார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான ஏற்பாடுகளுக்காகவே இந்தக் கூடுதல். 2025இலும் இது இன்னும் கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

எங்கள் ஆசிரியருக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம். "மூலதனச் செலவு இலாப நட்டக் கணக்குக்கு உடனே வராதே?" சரியான கேள்வி. அதனால்தான் அந்தக் காலாண்டு இலாபம் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. இயந்திரம் வாங்கிய காசு இன்றைக்கே வெளியே போகிறது. ஆனால் அது இலாபத்தைக் கடிப்பது பெறுமானத் தேய்வாக, வருஷம் வருஷமாகப் பின்னால்தான். இன்றைய இலாபம் கூடியிருக்கும்போதே நாளைய இலாபத்துக்கு வெட்டு எழுதப்பட்டுவிட்டது. ஒரு தடவை வந்த 39 சதத்துக்கும், பல வருஷம் தொடரும் அந்த வெட்டுக்கும் வித்தியாசத்தைச் சந்தை உடனே கணக்குப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் மார்க் சக்கர்பேர்க் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். புதிய சேவை ஒன்றைப் பெரிதாக்கிவிட்டு அதிலிருந்து காசு வரத் தொடங்கும் வரைக்கும் இடையில் சில காலம் ஆகும், முன்பு ரீல்ஸ் போன்றவற்றிலும் அப்படித்தான், அந்தக் காலத்தில் பங்கு விலை ஆடும் என்ற கருத்தில் சொன்னார். கேட்டவர்களுக்கு 2022 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் மெட்டாவர்ஸுக்குக் கொட்டிய செலவைப் பார்த்துப் பயந்து விற்றதில், நவம்பரில் பங்கு 90 டொலருக்கும் கீழே போயிருந்தது. சூடு கண்ட பூனை இல்லையா?

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. அது அறிக்கைக்கு வெளியே இருப்பதால் பலரும் தவறவிடுவது. பங்கு அந்த நாளுக்கு எந்த உயரத்திலிருந்து வந்தது என்பது. 2023 முடிவில் மெட்டாவின் விலை 354 டொலர் அளவு. பெப்ரவரி 2ஆம் திகதி, முந்தைய கணக்கு வந்த மறுநாள், ஒரே நாளில் 20 சதவீதம் ஏறியது. ஏப்ரல் 24 ஆகும்போது நான்கு மாதத்துக்குள் 39 சதவீத ஏற்றம். நல்ல கணக்கு வரும் என்ற நம்பிக்கைக்கான காசு ஏற்கெனவே விலைக்குள் இருந்தது. வெளியே அறிவிக்கப்பட்ட எதிர்பார்ப்பு 4.32. ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கியவர்களின் மனதில் இருந்த எதிர்பார்ப்பு அதைவிடப் பெரியது.

இந்த அறிவிக்கப்பட்ட எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய 500 கம்பனிகளில் சாதாரணமாக ஒவ்வொரு காலாண்டிலும் நான்கில் மூன்று பங்கு ஆய்வாளர்களின் இலாப எதிர்பார்ப்பைத் தாண்டிவிடுகின்றன. கம்பனிகள் முன்கூட்டியே அடக்கமாகப் பேசுகின்றன. ஆய்வாளர்களும் அதற்கேற்றாற்போல் கணிப்பைக் குறைத்து வைக்கிறார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சித்தியடையும் சோதனையில் ஒரு பிள்ளை சித்தியடைந்தது ஒரு செய்தியா? அதுபோல "எதிர்பார்ப்பைத் தாண்டியது" என்பதைச் சந்தை ஏறக்குறைய முன்கூட்டியே எண்ணிக்கொண்டுதான் விலை போடுகிறது. தாண்டாவிட்டால் தண்டனை பெரிது. தாண்டினால் பரிசு சின்னது.

சரி, அப்படியானால் விழுந்த விலைதான் உண்மையைச் சொன்னதா? அதுவும் இல்லை. சந்தை அன்று ஒரு பயத்துக்கு விலை போட்டது, அவ்வளவுதான். ஜூலை 31ஆம் திகதி அடுத்த கணக்கு வந்தபோது விற்பனை 39.07 பில்லியன். கம்பனி சொன்ன மேல் எல்லையையும் கொஞ்சம் தாண்டியது. பங்கும் மீண்டும் 500 டொலருக்கு மேல் வந்தது, வருஷ முடிவில் 585 அளவில் நின்றது. அதே வேளை செலவைப் பற்றிய பயமும் பொய்யாகவில்லை. அந்த வருஷ மூலதனச் செலவு 39 பில்லியனைத் தாண்டி, சொன்ன எல்லையின் உச்சிக்கே போனது. செலவும் கூடியது, விற்பனையும் அதைத் தாங்கும் அளவு வளர்ந்தது. இதை ஏப்ரல் 25ஆம் திகதி காலையில் யாராலும் நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது. விலை விழுந்ததால் கம்பனி கெட்டது என்றும் இல்லை, இலாபம் கூடியதால் விழுந்த விலை மலிவு என்றும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் எங்கள் ஆசிரியரின் கம்பனி அறிக்கைக்கு வந்தோம். பெயர் வேண்டாம். இங்கே கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒன்று. நம் நாட்டில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மெட்டா போல "அடுத்த காலாண்டு இவ்வளவு வரும்" என்று எண்ணில் சொல்லும் வழக்கம் இங்கு பெரும்பாலும் இல்லை. அதனால் எதிர்பார்ப்பை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரிடம் மூன்று கேள்வி கேட்டோம்.

முதல் கேள்வி, அறிக்கை வருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் விலை எப்படி ஓடியது? வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. நல்ல செய்தி வரும் என்று எதிர்பார்த்தவர்கள் அப்போதே வாங்கிவிட்டார்கள். செய்தி வந்த அன்று இலாபத்தை எடுத்துக்கொண்டு விற்றார்கள். இவர் வாங்கியது அவர்கள் விற்றதை.

இரண்டாவது கேள்வி, கூடிய இலாபம் எங்கிருந்து வந்தது? இலாப நட்டக் கணக்கை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்தோம். விற்பனை கிட்டத்தட்ட போன வருஷ அளவுதான். மொத்த இலாபம் ஒரு துளி குறைவு. பிறகு "ஏனைய வருமானம்" என்ற வரியில் பெரிய தொகை. குறிப்பைத் தேடினால், ஒரு காணி விற்ற இலாபம். காணியை ஒரு தடவைதான் விற்கலாம். அடுத்த வருஷம் அந்த வரி வெறுமையாக இருக்கும். அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இலாபம் கூடவே இல்லை. 2022இல் ரூபா விழுந்தபோது டொலர் கையில் வைத்திருந்த சில கம்பனிகளுக்கு நாணயமாற்று இலாபம் பெரிதாக வந்ததையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. உழைத்து வந்த இலாபத்துக்குச் சந்தை பல மடங்கு கொடுக்கும். ஒரு தடவை வந்த இலாபத்துக்கு ஒரு மடங்குதான்.

மூன்றாவது கேள்வி, வருங்காலத்தைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது? தலைவரின் செய்தி என்று எதுவும் இந்தக் காலாண்டு அறிக்கையில் இல்லை. ஆனால் நிதிநிலைக் கூற்றில் வங்கிக் கடன் கூடியிருந்தது. எதற்காக என்று தெரியவில்லை. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு நாள் விலை அசைவுக்கு இதுதான் காரணம் என்று நூறு வீதம் சொல்பவரை நம்ப வேண்டாம், எங்களையும் சேர்த்துத்தான்.

எங்கள் ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "ஏ/எல் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான்தான் சொல்லிக் குடுக்கன், ஏனைய வருமானத்தப் பிரிச்சிப் பாருங்க எண்டு. எண்ட காசுக்கு மட்டும் கடைசி வரியப் பார்த்துட்டன்."

உண்மை அதுதான். நாம் எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறோம். செய்தித் தலைப்பும் அந்த ஒரு வரியைத்தான் தருகிறது. விலையைத் தீர்மானிப்பவை அதற்கு மேலே உள்ள வரிகளும், இன்னும் எழுதப்படாத வரிகளும்.

வாங்கிய பங்குகளை அவர் விற்கவில்லை. அந்தக் காசு அவருடைய சேமிப்பு, முடிவும் அவருடையது. ஆனால் இடர் கடன் படிவத்தை மடித்து லாச்சியின் அடியில் வைத்துவிட்டார். அடுத்த காலாண்டு அறிக்கை வரட்டும், காணி இல்லாத இலாபம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு யோசிப்பேன் என்கிறார். அன்றைக்கும் எங்களைக் கூப்பிடுவாராம்.

உங்களில் யாரிடமாவது இப்படி "இலாபம் கூடியது, விலை விழுந்தது" என்ற கதை இருந்தால் கீழே எழுதுங்கள். கம்பனிப் பெயர் வேண்டாம். எந்த வரியைப் பார்த்தீர்கள், எந்த வரியைத் தவறவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அது பாடமாக இருக்கும்.